வாசிப்பு நேரத்தைக் கூட்ட ஒரு வழி

மேலூரில் என்னிடம் டியூஷன் வரும் 10-ஆம் வகுப்புப் பையன் ஒருவன், பத்தி நீளமாக இருந்தாலே நேராகக் கேள்விக்குத் தாவிவிடுவான். முதல் நாள் செய்தித்தாளின் நடுப்பக்கக் கட்டுரையைக் கொடுத்து, எப்போது தலை நிமிர்கிறான் என்று மட்டும் பார்த்தேன். 4-வது நிமிடம், வெளியே மினி பஸ் ஹார்ன் அடித்ததும் கவனம் போய்விட்டது.

அதனால் 3 நிமிடத்தில் தொடங்கினோம். அளந்ததைவிடக் குறைவாக வைத்தால்தான் முதல் வாரம் தோற்காமல் போகும். மனம் சிதறிய இடத்தில் ஓரமாக ஒரு பென்சில் புள்ளி வைத்துவிட்டுத் தொடர வேண்டும். அலாரம் அடித்ததும் தாளை மூடி, படித்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லையா, கண் மட்டும்தான் ஓடியிருக்கிறது; அன்றைய நாள் கணக்கில் சேராது. தொடர்ந்து 3 நாள் சரியாகச் சொன்னால் ஒரு நிமிடம் கூட்டலாம். 2 நாள் சறுக்கினால் ஒன்றைக் குறைக்கலாம், திட்டாமல்.

எத்தனை பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள், பிள்ளைகள் நுனிப்புல் மேய ஆரம்பித்துவிடுவார்கள்.

7 நிமிடத்தில் இவன் பத்து நாள் நின்றுவிட்டான். புள்ளிகளைப் பார்த்தால், எல்லாம் தெரியாத சொற்கள் குவிந்த பத்திகளில். அப்புறம் கிரிக்கெட் கட்டுரைக்கு மாற்றினேன், நகர்ந்தது. இரண்டு மாதம் கழித்து இப்போது 12 நிமிடம்.