மெஷின் நின்ற பிறகு சட்டையில் விழும் சுருக்கங்கள்: நாம் செய்யும் தவறுகள்

மெஷின் கத்தி ஓய்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கதவைத் திறந்தால் சட்டைகள் ஒன்றோடொன்று கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கும், ஒரு கையைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே நாலு சட்டை வரும். அந்தக் கொத்தை அப்படியே பக்கெட்டில் தள்ளி, கொடியில் ஆளுக்கொரு கிளிப் போட்டுவிட்டு, அப்புறம் தேய்க்கும்போது "என்ன மெஷின் இது, இப்படிக் கசக்கிவிடுகிறது" என்று திட்டுவது. நானும் பல வருஷம் திட்டியிருக்கிறேன். மெஷின் பங்கு இதில் பாதிதான், மீதி நம் கைவேலை.

பருத்தியில் ஏன் சுருக்கம் விழுகிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பருத்தி இழைக்குள் இருக்கும் செல்லுலோஸ் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் உள்ளே புகுந்ததும் பிடி தளர்கிறது, துணி எப்படி வேண்டுமானாலும் வளையும். தண்ணீர் வெளியேறும்போது மறுபடி பிடித்துக்கொள்கிறது, அந்த நேரத்தில் துணி மடங்கியிருந்தால் மடங்கிய நிலையிலேயே. அதனால் ஈரத்துணியில் தெரியும் சுருக்கம் இன்னும் உறுதியாகாத சுருக்கம், கையாலேயே எடுத்துவிடலாம். காய்ந்துவிட்டால் சூடும் ஆவியும் வேண்டும்.

சரி, முதல் தவறு டிரம்முக்குள் நடப்பது. ஸ்பின் சுற்றில் துணி டிரம்மின் சுவரோடு அழுந்தி ஒட்டுகிறது, 1200 சுற்றில் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் நன்றாகப் போகும், ஆனால் மடிப்புகளும் நன்றாக அழுந்தும். சட்டை மட்டும் போடும்போது 800, இல்லை அதற்கும் கீழே வையுங்கள். காய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், ஆனால் துணியில் தங்கிய தண்ணீரின் கனமே தொங்கும்போது கீழ்ப்பக்கமாக இழுத்துச் சுருக்கத்தை எடுக்கும். வெயிலும் காற்றும் இல்லாத நாளில் இது சரிவராது, நாள் முழுக்க ஈரமாகக் கிடந்து வாடை வந்துவிடும். அதோடு டிரம்மை வாய்வரை அடைக்காதீர்கள், சட்டைகளுக்குப் பாதி டிரம் போதும். பாலியஸ்டர் கலந்த துணிக்கு இன்னொரு விஷயம் உண்டு: அது சூட்டில் இளகி, ஆறும்போது இறுகும் ரகம். கொதிக்கும் தண்ணீரில் துவைத்து உடனே பச்சைத்தண்ணீரில் அலசிப் பிழிந்தால் அந்த மடிப்பு தேய்த்தாலும் லேசில் போகாது. 30, 40 டிகிரி தாண்ட வேண்டாம்.

மெஷின் நின்றதும் எடுக்க முடியாது என்று தெரிந்தால் அந்த நேரத்தில் போடவே போடாதீர்கள். முடிகிற நேரத்துக்கு நாம் அங்கே இருக்கிற மாதிரி தாமதமாக ஆரம்பிக்கும் வசதி நிறைய மெஷினில் இருக்கிறது. அதையும் மீறி மறந்துபோய், துணி அங்கேயே பாதி காய்ந்திருந்தால், உதறிப் பிரயோஜனம் இல்லை. மறுபடி ஒரு அலசு, குறைந்த ஸ்பின், அப்புறம்தான் மற்ற வேலை.

அடுத்தது உதறல். நம்மில் பலர் காலரைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு உதறியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம். அப்போது முதுகுப்பக்கம் மட்டும் விரியும், கைகள் உள்ளே சுருண்டபடியே இருக்கும். நான் செய்வது இப்படி: முதலில் பட்டன் எல்லாம் கழற்றி, உள்ளே புரண்டிருக்கும் கைகளை வெளியே இழுத்துவிடுவேன். பிறகு சட்டையைத் தலைகீழாக, கீழ்விளிம்பின் இரண்டு பக்கத் தையல்களையும் பிடித்து, நெஞ்சு உயரத்திலிருந்து வேகமாகக் கீழே ஒரு வெட்டு வெட்டி நிறுத்த வேண்டும். துணி முழுசாக விரிந்தால் 'பட்' என்று சத்தம் கேட்கும், சத்தம் வராவிட்டால் எங்கேயோ சிக்கியிருக்கிறது. மூன்று தடவை அப்படி, பிறகு தோளைப் பிடித்து இரண்டு தடவை. ரேயான் ஈரத்தில் பலம் இழக்கும், பின்னலாடை இழுபட்டுப்போகும், அவற்றிடம் இந்த வீரத்தைக் காட்ட வேண்டாம்.

உதறியதை உடனே தொங்கவிடாமல் ஈரத்தோடு மடிப்பதுதான் யாரும் செய்யாத வேலை. மேஜை மேல் சட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி இரண்டு தடவை நீவிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஆறு சட்டையை உதறி அடுக்குவதற்குள் அடியில் இருப்பது மேலே உள்ள ஈரக் கனத்தில் ஐந்து, பத்து நிமிஷம் அழுந்தியிருக்கும், செலவில்லாத இஸ்திரி. அதற்குமேல் விட்டுவைக்காதீர்கள், சாயம் போகும் துணியை வெள்ளையோடு சேர்த்து அடுக்கவும் வேண்டாம்.

இனி தொங்கவிடுவது, இங்கேதான் நேரம் நிஜமாக மிச்சமாகிறது. சட்டையைக் கொடியில் பாதியாக மடித்துப் போட்டால் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு, தோளில் கிளிப் போட்டால் இரண்டு காது. கொஞ்சம் தடித்த ஹேங்கரில் மாட்டி, மேல் பட்டனையும் நடுவில் ஒன்றையும் போட்டு, காலரை நிமிர்த்திவிடுங்கள். இத்தோடு நிறுத்திவிடுவதும் ஒரு தவறுதான், ஏனென்றால் தேய்க்கும்போது நம் நேரத்தைத் தின்பது முதுகு இல்லை, தையல் ஓடும் இடங்கள். அங்கே தையல் நூல் ஒரு அளவுக்கும் துணி வேறு அளவுக்கும் சுருங்குவதால் சின்னச் சின்னக் கொசுவம் விழுகிறது. பட்டன் பட்டியின் மேல்முனையை ஒரு கையிலும் கீழ்முனையை ஒரு கையிலும் பிடித்து ஒரு இழுப்பு. அதேபோல மணிக்கட்டுப் பட்டி, பாக்கெட் விளிம்பு, பக்கத் தையல். ஒரு சட்டைக்கு அரை நிமிஷம் ஆகும், கொசுவம் கண்முன்னாலேயே மறைவது தெரியும்.

பேண்ட்டைத் தலைகீழாக, கால் விளிம்பில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். இடுப்புப் பக்கம்தான் கனம், அது கீழே இருந்தால் கால் முழுக்க இழுத்துப் பிடிக்கும். டி-ஷர்ட்டை ஹேங்கரில் மாட்டினால் தோளில் முட்டு விழும், அக்குளுக்குக் கீழே கொடி வருகிற மாதிரி போட்டால் போதும்.

கடைசியாக, மொறுமொறுவென்று காயவிட்டுத் தேய்ப்பது. தொட்டால் காலர் மட்டும் இன்னும் சில்லென்று இருக்கும் பதத்தில் எடுத்தால் தண்ணீர் தெளிக்கவே வேண்டாம், பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். அப்போது நேரம் இல்லையென்றால் ஹேங்கரிலேயே முழுசாகக் காயட்டும், நாற்காலியில் குவித்துவிட்டால் இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண். லினன் சட்டையிடம் இதெல்லாம் முழுசாகப் பலிக்காது, அது எப்படியும் கசங்கும். பருத்தியில் எனக்கு ஒரு சட்டைக்கு எட்டு நிமிஷம் பிடித்தது இப்போது மூன்றுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. காலர், மணிக்கட்டுப் பட்டி, பட்டன் பட்டி மூன்றையும் தேய்த்துவிட்டு முதுகில் ஒரே ஒரு ஓட்டம், அவ்வளவுதான். ஸ்வெட்டருக்குள் போடுகிற சட்டைக்கு அந்த முதுகு ஓட்டத்தையும் விட்டுவிடுகிறேன்.