ஹார்ட் வேறு, ஹார்ட்லி வேறு: ஒரு ‘லி’ கவிழ்த்துவிடும் வாக்கியங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி வேலைக்கான விண்ணப்பத்தைக் கொண்டுவந்து, “சார், ஒருதரம் பாத்துக் குடுங்க” என்றாள். சிப்காட்டில் உள்ள ஒரு கம்பெனிக்கு எழுதியது. மூன்றாவது வரி இப்படி இருந்தது: “ஐ ஹார்ட்லி ஒர்க் அண்ட் ஐ லேர்ன் குயிக்லி.” கடினமாக உழைப்பேன், வேகமாகக் கற்றுக்கொள்வேன் என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். ஆனால் படிப்பவருக்குப் போய்ச் சேருவது, “நான் வேலை செய்வதே இல்லை எனலாம்” என்ற செய்தி.

வருடத்துக்கு வருடம் இதே வரி வேறு வேறு கையெழுத்தில் வருகிறது. ஒரு காலத்தில் என் கையெழுத்திலும் வந்தது. ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதுவது போன்ற பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். அப்படி ஒரு சொல்லே கிடையாது, அதனால் யாராவது உடனே திருத்திவிடுவார்கள். ஹார்ட்லி அப்படியல்ல. அது உண்மையான சொல், வாக்கியமும் இலக்கணப்படி சரியாகவே நிற்கும், அர்த்தம் மட்டும் தலைகீழாகிவிடும்.

கடினமாக என்பது ஹார்ட்லி இல்லை

பள்ளியில் நமக்கு ஒரு கணக்கு சொல்லித் தருகிறார்கள்: தமிழில் ‘ஆக’ வந்தால் ஆங்கிலத்தில் ‘லி’. அழகாக என்றால் பியூட்டிஃபுல்லி, மெதுவாக என்றால் ஸ்லோலி. பெரும்பாலும் இது சரியாகவே வரும். அந்த நம்பிக்கையில் கடினமாக என்பதை ஹார்ட்லி ஆக்கிவிடுகிறோம். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தமிழில் வினையடை வினைக்கு முன்னால் வரும்: “கடினமாக உழைக்கிறாள்.” அதே வரிசையில் “ஷி ஹார்ட்லி ஒர்க்ஸ்” என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ஹார்ட்லி உட்காரும் இடமே வினைக்கு முன்னால்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

ஆங்கிலத்தில் இது எப்படி இரண்டானது? பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் கடைசியில் ஓர் ‘எ’ ஒலியைச் சேர்த்தும் வினையடை செய்தார்கள். பிற்காலத்தில் அந்த ஒலி தேய்ந்து மறைந்ததால், ஹார்ட் என்ற ஒரே வடிவம் பெயரடையாகவும் வினையடையாகவும் நின்றது. ‘லி’ சேர்ந்த ஹார்ட்லி தனி வழியில் போனது. முதலில் அதற்குக் ‘கடுமையாக’ என்றுதான் பொருள். அப்புறம் ‘சிரமப்பட்டு’ என்று ஆகி, கடைசியில் ‘ஏறக்குறைய இல்லை’ என்பதில் வந்து நின்றது.

இந்தப் பயணம் நமக்குப் புதிதல்ல. தமிழில் ‘அரிது’ என்ற சொல்லும் இதே வழியில்தான் போகிறது. செயற்கரிய செயல் என்றால் செய்வதற்குக் கடினமான செயல். அரிதாக வருவார் என்றால் எப்போதாவது வருவார். கடினமானது அபூர்வமாகத்தானே நடக்கும்! ஆகவே ஹார்ட்லி என்ற சொல்லைப் பார்த்தால் ‘கடினமாக’ என்று நினைக்காமல் ‘அரிதாக’ என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தானே புயலும் என் கடிதமும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் என் மாமாவின் ஊரில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. வெளியூரிலிருந்து ஒரு தொண்டு அமைப்பு கன்று வாங்கப் பணம் தருவதாகவும், ஆங்கிலத்தில் கடிதம் வேண்டும் என்றும் சொன்னார்கள். “மாப்ள, நீதான் படிச்சவன், எழுதிக் குடு” என்றார் மாமா. எழுதிக் கொடுத்தேன்.

முதல் வரி: “த வில்லேஜ் வாஸ் ஹார்ட்லி ஹிட் பை த சைக்ளோன்.” அடுத்தது: “த ஃபார்மர்ஸ் ஹார்ட்லி ஒர்க்ட் ஃபார் தர்ட்டி இயர்ஸ்.” அதாவது, இந்த ஊரைப் புயல் தொடவே இல்லை எனலாம், இங்குள்ள விவசாயிகள் முப்பது வருடமாக வேலையே செய்யவில்லை எனலாம்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. உங்கள் ஊருக்குப் பெரிய சேதம் இல்லை என்பதில் மகிழ்ச்சி, அதிகம் பாதித்த ஊர்களுக்கு முன்னுரிமை தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் விஷயம் புரிந்து மறுபடி எழுதிப் போடுவதற்குள் பணம் வேறு ஊர்களுக்குப் பிரிந்துவிட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் இந்தச் சொல்லைத் தவறான இடத்தில் பார்த்தால் கோபம் வருகிறது. அந்த மாணவியிடமும் கொஞ்சம் அதட்டலாகப் பேசிவிட்டேன்.

அந்தக் கடிதத்தைத் திருத்துவது சுலபம். இரண்டாவது வரியில் ஹார்ட்லியை எடுத்துவிட்டு, வினைக்குப் பின்னால் ஹார்ட் போட வேண்டும்: “த ஃபார்மர்ஸ் ஒர்க்ட் ஹார்ட் ஃபார் தர்ட்டி இயர்ஸ்.” வினைக்குச் செயப்படுபொருள் இருந்தால் அதற்கும் பின்னால் வரும்: “ஹி ஹிட் த பால் ஹார்ட்.”

முதல் வரியில்தான் பொறி இருக்கிறது. செயப்பாட்டு வினையில் “வாஸ் ஹார்ட் ஹிட்” என்று ஹார்ட் முன்னாலும் வரலாம். அங்கே இரண்டு சொற்களும் ஒரே இடத்தில் உட்காருவதால் இடத்தை வைத்து அடையாளம் காண முடியாது; அந்த ‘லி’ ஒன்றுதான் வித்தியாசம். பழகும் வரை “வாஸ் ஹிட் ஹார்ட்” என்றே எழுதுங்கள், அதுவும் சரியான ஆங்கிலம்தான். உழைத்துச் சம்பாதித்த பணமும் இதே வகை: ஹார்ட் எர்ன்ட் மணி. அங்கேயும் ‘லி’ வராது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஹார்ட்லி வரும் வாக்கியத்தைத் தமிழில் ‘இல்லை எனலாம்’ என்று முடித்துப் படியுங்கள். “ஐ ஹார்ட்லி நோ ஹிம்”: அவரை எனக்குத் தெரியாது எனலாம். நீங்கள் சொல்ல வந்தது இதுதான் என்றால் சரி, விட்டுவிடலாம்.

ஹார்ட்லியோடு ‘நாட்’ வேண்டாம்

அதற்குள்ளேயே ‘இல்லை’ இருக்கிறது. “ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ” போதும்.

லேட்டா வந்தால் லேட்லி ஆகாது

‘லேட்டா வந்தேன்’ என்று நாம் தமிழாகவே ஆக்கிவிட்ட சொல் இது. அதிலுள்ள ‘ஆ’வைப் பார்த்துக் கை தானாக லேட்லி எழுதுகிறது. பஸ் கிடைக்காமல் நேரம் கழித்து வந்தால் “ஐ கேம் லேட்”, அவ்வளவுதான்.

லேட்லி என்றால் சமீபத்தில் என்று அகராதி பார்த்துச் சொல்வார்கள். அதுவும் பாதிதான் உதவும். சமீபகாலமாக என்று வைத்துக்கொள்வதே சரி. கொஞ்ச நாளாகத் தொடர்ந்தோ திரும்பத் திரும்பவோ நடப்பதற்குத்தான் அது பொருந்தும். அதனால் ‘ஹேவ்’ சேர்ந்த வினையோடு வருவதே வழக்கம். போன வாரம் ஒரே ஒருமுறை நடந்ததைச் சொல்ல ரீசன்ட்லி எழுதுங்கள்.

இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பழக்கினால் குழப்பம் போய்விடுகிறது: “ஷி ஹேஸ் பீன் கமிங் லேட் லேட்லி.” அவள் கொஞ்ச நாளாக லேட்டாக வருகிறாள். வகுப்பில் இதைப் பத்துமுறை சொல்ல வைப்பேன்.

நியர்லி

கிட்டத்தட்ட. ‘பக்கத்தில்’ என்பதற்கு நியர்.

ஷார்ட்லி

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயில் ‘ஷார்ட்லி’ வரும் என்றால் சற்று நேரத்தில் வரும். சுருக்கமாகச் சொல்வதற்கு ப்ரீஃப்லி.

ஹைலி

மிகவும். பட்டம் உயரத்தில் பறந்தால் ஹை.