ஏஸ் ஆஃப் கப்ஸ் வந்தால் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடலாமா?

“எனக்குள் புதிதாக வந்திருக்கும் இந்த உணர்வு நிஜம்தானா?” என்று கேட்டு ஒரே ஒரு டாரோ சீட்டை எடுக்கிறோம். கோப்பை வரிசையின் முதல் சீட்டான ஏஸ் ஆஃப் கப்ஸ் வருகிறது. கேட்டவர் முகம் மலர்ந்துவிடுகிறது. வாசிப்பவரும் “ஆமாம், நிஜம்தான்” என்று சொல்லி சீட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிடுகிறார். நானும் பல காலம் அப்படித்தான் செய்தேன்.

அந்தப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1909இல் வெளிவந்த ரைடர்-வெயிட் தொகுப்பில் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த படத்தைத்தான் சொல்கிறேன். மேகத்திலிருந்து ஒரு கை நீள்கிறது. உள்ளங்கையில் கோப்பை. மேலிருந்து ஒரு புறா இறங்குகிறது. நீர் விளிம்பைத் தாண்டி வழிந்து, கீழே அல்லிகள் மிதக்கும் குளத்தில் விழுகிறது. இவ்வளவுதான் படம். கோப்பையை வாங்கிக்கொள்ள அங்கே ஆளே இல்லை.

இதைக் கவனிக்காமல் விடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. இந்தச் சீட்டு ‘ஊற்று கண் திறந்திருக்கிறது’ என்கிறது. உணர்வு பிறந்திருக்கிறதா என்றால், பிறந்திருக்கிறது. அது நிலைக்குமா, யாரை நோக்கிப் பாய்கிறது, அந்த மனிதர் அதற்கு ஏற்றவர்தானா என்பதையெல்லாம் இந்த ஒரு சீட்டு சொல்லவில்லை. ஏஸ் என்பது வித்து. வித்தைப் பார்த்து அறுவடையைக் கணக்குப் போட முடியாது.

சந்தேகம் இருந்தால் அதே தொகுப்பில் ஃபோர் ஆஃப் கப்ஸை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அங்கேயும் மேகத்திலிருந்து ஒரு கை கோப்பையை நீட்டுகிறது. மரத்தடியில் கைகளைக் கட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீட்டப்படுவது வேறு, வாங்கிக்கொள்வது வேறு.

இரண்டாவது தவறு, இதை எதிரில் இருப்பவரின் மனமாக வாசிப்பது. “அவருக்கும் அப்படித்தான் இருக்கிறது” என்று தாவிவிடுகிறோம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று கோப்பை ஏந்தும் படம் டூ ஆஃப் கப்ஸ். அது வரவில்லையே! கேள்வி ‘என் உணர்வு’ என்றுதான் தொடங்கியது. பதிலும் அங்கேயே நிற்க வேண்டும்.

ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி இது. உடன் வேலை பார்க்கும் ஒருவரோடு இரண்டு மாதப் பழக்கம். அவர் பேசும்போது மனசு நிறைந்துபோகிறது என்றார். பதில் சீட்டாக ஏஸ் ஆஃப் கப்ஸ் வந்தது. அதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு சீட்டு எடுக்கச் சொன்னேன். ‘இந்த நீர் எங்கிருந்து வருகிறது’ என்பதற்கு இடப்பக்கம் ஒன்று, ‘இதற்கு இப்போது என்ன தேவை’ என்பதற்கு வலப்பக்கம் ஒன்று.

இடப்பக்கம் சிக்ஸ் ஆஃப் கப்ஸ் வந்தது. ஒரு சிறுவன் தன்னைவிடச் சின்னப் பெண்ணிடம் பூ நிறைந்த கோப்பையை நீட்டும் படம். பழைய நினைவின் சீட்டு. “இவர் யாரையாவது ஞாபகப்படுத்துகிறாரா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “என் அண்ணன் இப்படித்தான் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பான்” என்றார். அண்ணன் வெளிநாடு போய் வருஷக்கணக்காகிறது. அவர் உணர்ந்த நிறைவு பொய்யில்லை. ஆனால் ஊற்று பழையது. முதல் சீட்டோடு ‘காதல் நிஜம்’ என்று நான் சொல்லியிருந்தால் அது தப்பான பதில்.

வலப்பக்கம் எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ்: பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வட்டாகச் செதுக்கும் தொழிலாளி. அவசரப்பட்டு எதையும் சொல்லிவிட வேண்டாம், பழகிப் பாருங்கள் என்று வாசித்தேன்.

தலைகீழாக வந்தால்? இந்தத் தொகுப்பை உருவாக்கிய வெயிட் தன் நூலில் நேரான சீட்டை உண்மையான இதயத்தின் இல்லம் என்றும், தலைகீழானதைப் பொய்யான இதயத்தின் இல்லம் என்றும் எழுதிவைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவரிடம் “உங்கள் உணர்வு பொய்” என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கவிழ்ந்த கோப்பையிலும் நீர் இருந்திருக்கிறது, தங்கவில்லை அவ்வளவுதான். உணர்வை அடக்கி வைத்திருப்பவருக்கும், கொட்டித் தீர்த்துக் களைத்தவருக்கும் அது வரும். எது என்று அவரிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தலைகீழைக் கணக்கில் எடுப்பதா இல்லையா என்பதையும் கலைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். சீட்டைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் ஆசைதான் முடிவு செய்யும்.

பிடிக்காத சீட்டு வந்தது என்று இந்த ஏஸ் வரும்வரை திரும்பத் திரும்ப எடுப்பதும் அதே கதைதான். மொத்தம் 78 சீட்டு. எடுத்துக்கொண்டே இருந்தால் எப்படியும் ஒருமுறை வந்துவிடும்.

அந்தப் பெண் சில வாரம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை அந்த நண்பரைப் பற்றிக் கேட்கவில்லை. அண்ணனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்டார்.