முதல் வெண்பா: சீர் பிரிப்பதும் தளை பார்ப்பதும் (மொரீசியஸ் ஊர்ப்பெயர்களோடு)

தைப்பூசக் காவடி நெருங்கினால் கோயில் மலருக்கு ஒரு வெண்பா எழுதலாமே என்ற ஆசை நம் தீவில் பலருக்கும் வரும். எழுதிப் பார்ப்பார்கள், ஓசை எங்கோ இடிக்கும், எங்கே என்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். இடிக்கும் இடம் பெரும்பாலும் தளைதான், அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதம். எதுகை, மோனையைக் காது தானாகவே பிடித்துக்கொள்ளும். தளையை எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

குறில், நெடில், ஒற்று மூன்றும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான்கடி வெண்பாவில் கை வைக்காதீர்கள். குறள் வெண்பா போதும்: முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர், ஆக ஏழு சீர். இவற்றுக்கிடையே ஆறு இணைப்புகள். அந்த ஆறும் சரியாக இருந்தால் தளை வேலை முடிந்தது.

அசை வெட்டுவது

இடமிருந்து வலமாகப் போங்கள். நெடில் வந்தால் அதோடு வெட்டுங்கள்: நேர். குறிலை அடுத்து ஒற்று வந்தால் ஒற்றோடு வெட்டுங்கள்: அதுவும் நேர். குறிலை அடுத்து இன்னொரு உயிர்மெய் வந்தால், அது குறிலோ நெடிலோ, இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள்: நிரை. வெட்டிய பிறகு ஒட்டி நிற்கும் ஒற்றுகளுக்குக் கணக்கில்லை. ஒன்றானாலும் இரண்டானாலும் முந்தின அசையோடு போகும். சீரின் கடைசியில் தனிக்குறில் மிஞ்சினால் அது நேர்.

வீட்டில் கிரியோல் பேசி, தமிழை ரோமன் எழுத்தில் படித்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் முதல் சறுக்கல். ‘பல்’, ‘பால்’ இரண்டும் நேர்தான். அங்கே நீளம் மாறினாலும் ஆபத்தில்லை. ஆனால் ‘படம்’ ஒரே நிரை, ‘பாடம்’ நேர் நேர். நம் ‘காவடி’யையே பாருங்கள். தமிழில் கா/வடி, நேர் நிரை. இங்கே ரோமன் எழுத்தில் எழுதும் வழக்கத்தில் ‘கா’வின் நீளம் தெரிவதில்லை; கடைசி எழுத்துதான் நீட்டித் தெரிகிறது. அந்த எழுத்தைப் பார்த்துக் கவ/டீ என்று வெட்டினால் நிரை நேர் ஆகிவிடும். அடுத்த சீர் எப்படித் தொடங்க வேண்டும் என்பதே தலைகீழாகிவிடும். ஆகவே அலகிடும்போது தமிழ் எழுத்தில் எழுதியே வெட்டுங்கள்.

சீருக்குப் பெயர்

வெண்பாவின் உள்ளே எட்டு சீர்கள்தான் வரலாம். ஈரசையில் நான்கு: தேமா (நேர் நேர்), புளிமா (நிரை நேர்), கூவிளம் (நேர் நிரை), கருவிளம் (நிரை நிரை). இந்த நான்கின் பின்னாலும் ஒரு நேர் சேர்த்தால் தேமாங்காய், புளிமாங்காய், கூவிளங்காய், கருவிளங்காய். மூன்றாவது அசை நிரையானால் அது கனிச்சீர். வெண்பாவுக்குள் கனிக்கு இடமே கிடையாது.

நம் தீவின் பெயர் மொரீ/சியஸ், கருவிளம். ‘மொரிஷியஸ்’ என்று எழுதுகிறவர்களும் பயப்பட வேண்டாம்: மொரி/ஷியஸ், அதுவும் கருவிளம்தான். குறிலோடு குறில் சேர்ந்தாலும் நெடில் சேர்ந்தாலும் நிரை நிரையே.

தளை: மூன்றே விதி

மா முன் நிரை. விளம் முன் நேர். காய் முன் நேர். இங்கே ‘முன்’ என்றால் அடுத்து வருவது என்று பொருள். நிற்கும் சீர் மாவில் முடிந்தால் வரும் சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் நேரில் தொடங்க வேண்டும். முதலிரண்டும் இயற்சீர் வெண்டளை, மூன்றாவது வெண்சீர் வெண்டளை.

இங்கே நிதானமாக நில்லுங்கள். மாவும் நேரில் முடிகிறது, காயும் நேரில் முடிகிறது. ஆனால் இரண்டும் கேட்பது எதிரெதிர். கடைசி அசையை மட்டும் பார்த்துத் தளை சொல்லப் போகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். கடைசி அசையோடு, சீரில் மொத்தம் எத்தனை அசை என்பதையும் எண்ண வேண்டும்.

‘மோக்கா’ என்பது மோக்/கா, தேமா. அடுத்து நிரை வேண்டும். ‘மோக்கா மலையில்’ என்றால் மலை/யில், நிரையில் தொடங்குகிறது, சரி. இப்போது ஓர் உருபைச் சேருங்கள்: ‘மோக்காவில்’. மோக்/கா/வில், தேமாங்காய். இனி இதற்கு நேர்தான் வேண்டும். ‘மோக்காவில் மழை’ தவறு. ‘மோக்காவில் நேற்று’ சரி. ஊர் அதே ஊர், ஒரு ‘இல்’ சேர்ந்ததும் விதி புரண்டுவிட்டது. ‘போர்ட்லூயி’யும் இப்படித்தான். கேட்கச் சின்னப் பெயராக இருந்தாலும் போர்ட்/லூ/யி, தேமாங்காய். அடுத்து நேர் வேண்டும்.

இதையே உங்களுக்கு வசதியாகவும் திருப்பிக்கொள்ளலாம். ‘தீவில்’ தேமா, நிரை கேட்கும். ‘தீவிலே’ என்றால் தீ/விலே, கூவிளம், நேர் கேட்கும். அடுத்த சொல்லை மாற்ற மனமில்லையென்றால் இந்தச் சொல்லின் வாலை மாற்றிப் பாருங்கள். அகராதியைப் புரட்டுவதைவிட இது வேகமான வழி.

ஒரு குறளை அலகிட்டுத் திருத்துவோம்

சொல்ல வந்த கருத்து: கரும்பு விளையும் தீவில் நம் தமிழ் அமுதம். முதல் வரைவு இப்படி வரும்:

கரும்பு விளையும் அழகான மொரீசியசில்
நம்தமிழ் என்றும் அமுதம்

கரும்/பு புளிமா. விளை/யும் புளிமா. மா முன் நிரை, சரி.
அழ/கா/ன புளிமாங்காய். மா முன் நிரை, சரி.
மொரீ/சிய/சில் கருவிளங்காய். காய் முன் நிரை வந்துவிட்டது, இது கலித்தளை. தவறு.
நம்/தமிழ் கூவிளம். காய் முன் நேர், சரி.
என்/றும் தேமா. விளம் முன் நேர், சரி.
அமு/தம். மா முன் நிரை, தளை சரி. ஆனால் ஈற்றுச்சீர் புளிமாவாக நிற்கிறது, அது கூடாது.

நான்காவது சீரிலிருந்து ஐந்தாவதுக்குப் போகும்போது அடி மாறுகிறது. அங்கேயும் தளை பார்க்க வேண்டும். அடியோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துப் புது அடியைப் புதிதாகத் தொடங்கிவிடுகிறவர்கள் நிறைய.

திருத்தலாம். தளையை உடைத்த ‘அழகான’ எதையும் சொல்லவில்லை, வெட்டிவிடுங்கள். (சீர் நிரப்ப வருகிற பெயரடைகளில் பாதி இப்படித்தான், தளையையும் கெடுத்துவிட்டுப் போகும்.) ‘விளையும்’ புளிமா, ‘மொரீசியஸ்’ நிரையில் தொடங்குகிறது, நேராகப் பொருந்துகிறது. அது கருவிளம் என்பதால் அடுத்து நேர்: ‘தீவில்’. தீவில் தேமா, ஆகவே அடுத்த அடி நிரையில் தொடங்க வேண்டும். எதுகைக்குக் ‘கரும்பு’க்கு இணையாக ‘அரும்பும்’ கிடைக்கிறது, அதுவும் நிரை.

கரும்பு விளையும் மொரீசியஸ் தீவில்
அரும்பும் தமிழே அமுது

அரும்/பும் புளிமா, தமி/ழே புளிமா, பிறகு அமுது. இந்த அடியில் எல்லா இடத்திலும் மா முன் நிரை. அடிக்குள் மோனை இரண்டாமடியில்தான் இருக்கிறது (அரும்பும், அமுது), முதலடியில் இல்லை. ‘மொரீசியஸ்’ என்பதை எடுத்துவிட்டுக் ‘கடல்சூழ்ந்த’ என்று போட்டால் மோனை வந்துவிடும். கடல்/சூழ்ந்/த புளிமாங்காய், ‘தீவில்’ நேர், தளையும் கெடாது. என்னைக் கேட்டால் ஊர்ப்பெயரைத்தான் வைத்துக்கொள்வேன். கடல் சூழ்ந்த தீவு உலகில் எத்தனையோ உண்டு.

ஈற்றுச்சீர்

கடைசிச் சீர் ஓரசையாக இருக்க வேண்டும்: நாள் (நேர்) அல்லது மலர் (நிரை). அல்லது அந்த ஓரசையோடு ஒரு குற்றியலுகரம் சேர்ந்து நிற்கலாம்: காசு, பிறப்பு. ‘மண்’ நாள், ‘தமிழ்’ மலர், ‘வீடு’ காசு, ‘அமுது’ பிறப்பு. ‘அமுதம்’ ஏன் ஆகாது என்றால், அதன் இரண்டாம் அசை ‘தம்’ முழு நேர்.

‘தீவு’ என்று முடிக்க ஆசை வரும். பார்த்தால் காசு போலவே இருக்கும். ஆனால் ‘வு’ வல்லின உகரம் இல்லை, ஆகவே குற்றியலுகரமும் இல்லை. முற்றியலுகரத்தில் வெண்பா முடிவது அருகிய வழக்கு. முதல் பாவில் கு, சு, டு, து, பு, று இவற்றில் முடிகிற சொல்லை மட்டும் எடுங்கள். அந்த எழுத்துக்கு முன்னால் தனிக்குறில் மட்டும் நிற்கக் கூடாது. ‘பசு’, ‘நடு’ ஆகியவற்றில் வருவது குற்றியலுகரமல்ல. அவை வெறும் நிரை, மலர் வாய்பாட்டில் அடங்கும்.

புணர்ச்சி கெடுக்கும் இடம்

அலகிட்டபோது சரியாக இருந்தது, படித்தால் ஒரு சீர் குறைகிறது என்று கேட்டவர்களுக்காக இதைப் பிறகு சேர்த்தேன். ‘கரும்பு இனிக்கும்’ என்று தனித்தனியாக எழுதினால் புளிமா, புளிமா, தளை சரி. ஆனால் குற்றியலுகரத்தின் முன் உயிர் வந்தால் உகரம் கெடும்: கரும்பினிக்கும். கரும்/பினிக்/கும், ஒரே கருவிளங்காய். இரண்டு சீர் ஒன்றாகிவிட்டது, அடியில் மூன்றுதான் மிச்சம். மெய்யீற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை: ‘விளையும் அழகான’ என்பது ‘விளையு மழகான’ ஆனாலும் அசைக்கணக்கு அப்படியே நிற்கும். ‘தமிழே அமுது’ என்பதில் இடையே யகரம் வந்தாலும் ‘யமு’ நிரையே.

தேர்ந்தவர்கள் புணர்த்திய பிறகே சீர் பிரிப்பார்கள். குறள் 78 தொடங்குவது ‘அன்பு அகத்து இல்லா’ என்ற மூன்று சொற்களில். சீரோ ‘அன்பகத் தில்லா’ என்று இரண்டு. அன்/பகத் கூவிளம், தில்/லா தேமா. சொல் ஓரிடத்திலும் சீர் ஓரிடத்திலும் உடைகிறது. நீங்கள் இப்போதைக்கு அதில் இறங்க வேண்டாம். குற்றியலுகரச் சொல்லுக்குப் பின் மெய்யில் தொடங்கும் சொல்லைப் போட்டுவிட்டால் சிக்கலே எழாது. நம் குறளில் ‘கரும்பு’க்குப் பின் ‘விளையும்’ நிற்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு கேள்வி ஐகாரம் பற்றி. சொல்லின் முதலில் வரும் ஐ நெடில். இடையிலும் கடையிலும் அது குறுகும். ஆகவே ‘சாலையில்’ என்பதைச் சா/லையில், கூவிளம் என்றே கொள்ளுங்கள். ஒருவர் சா/லை/யில் என்று தேமாங்காயாக வெட்டினாலும் சண்டை வேண்டாம்: விளத்துக்கும் நேர், காய்க்கும் நேர், அடுத்த சீர் மாறப்போவதில்லை.

கருவி என்றால் பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும்தான் என் தேர்வு: ஒரு கட்டத்தில் ஒரு சீர், அதன் கீழே வாய்பாடு, கோட்டின் மேல் அடுத்துத் தேவைப்படுவது ‘நேர்’ அல்லது ‘நிரை’. அவலோகிதம் போன்ற யாப்பு மென்பொருளைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் திறவுங்கள். அது பிழையைக் காட்டினால், உடனே சொல்லை மாற்றாமல் முதலில் தட்டச்சைப் பாருங்கள். ஒரு துணைக்கால் விடுபட்டாலும் காவடி கவடியாகி, தளை தட்டும்.