குடியை நிறுத்தியபின் எடை: தராசை மட்டும் நம்பும் தவறு

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்குபவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 58 கிலோ. தினம் ஒரு ஆஃப் பிராந்தி, அதாவது 360 மில்லி. அதில் சுமார் 120 கிராம் சாராயமும் 850 கலோரியும் இருக்கும். புரதம் துளியும் இல்லை. வயிறு அதிலேயே நிறைந்துவிடுவதால் சோறு இரண்டு கைப்பிடிதான். கை மெலிந்து, கணுக்கால் வீங்கியிருக்கும்.

இப்படிக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவதுதான் முதல் தவறு. முதல் இரண்டு நாளில் வலிப்பும், அதைத் தொடர்ந்து புத்தி பேதலிப்பும் வரக்கூடும். சேலம் ஜி.எச். மனநலப் பிரிவு போன்ற இடத்தில் காட்டி, டாக்டர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். பட்டினி கிடந்த உடம்புக்கு முதலில் வைட்டமின் பி1 ஊசி போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். அது இல்லாமல் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

பத்து நாளில் 55 கிலோ. "நிறுத்தியதும் இளைச்சுட்டாரு, உடம்புக்கு ஒத்துக்கல" என்று வீட்டில் பயந்து, "கொஞ்சம் குடிச்சா தேறிடுவாரு" என்பார்கள். இது இரண்டாவது தவறு. போனது சதை அல்ல, கணுக்காலில் தேங்கியிருந்த நீர். கணுக்காலுக்குச் சற்று மேலே, காலின் முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். முன்பு விழுந்த குழி இப்போது விழாவிட்டால் நீர் வடிந்துவிட்டது என்று பொருள். அந்த நீர் இத்தனை நாளும் மெலிவை மறைத்திருந்தது.

மூன்றாம் மாதம் 60 கிலோ. பசி திரும்பி, சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது. இவருக்கு இது நல்ல ஏற்றம். தொப்பை வருகிறதென்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவது மூன்றாவது தவறு. ஈரல் கெட்டவருக்கு நீண்ட பட்டினி சதையைத்தான் கரைக்கும். படுக்குமுன் இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் பாலும் கொடுப்பது நல்லது.

ஆனால் மேல்கை மெலிந்தபடியே இருக்க, இடுப்பு மட்டும் பெருத்தால் காரணம் வேறு. குடிக்கும் நேரம் வந்ததும் இனிப்பு கேட்கும். மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு நாளுக்கு ஆறு டீ குடித்தால் சர்க்கரையே 360 கலோரி. பாலையும் சேர்த்தால் ஒரு குவார்ட்டரின் கலோரியைத் தாண்டிவிடும். தட்டுவடை செட் கணக்கு தனி. அந்த நேரத்துக்கு அவித்த முட்டையோ சுண்டலோ தயாராக வைத்திருங்கள். தூக்கத்துக்கும் மனதுக்கும் தரும் சில மாத்திரைகளும் எடையைக் கூட்டும். அதற்காக நீங்களே நிறுத்தாமல், மாற்றித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் அது கொழுப்பாக இருக்காது, நீர்தான். வயிறும் சேர்ந்து உப்பினால் உப்பைக் குறைத்து, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

நன்றாகச் சாப்பிட்டும் மாதக்கணக்கில் எடை இறங்குகிறதா? மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதந்தால் கணையத்தையும், அடிக்கடி சிறுநீரும் தாகமும் இருந்தால் சர்க்கரையையும், இரண்டு வாரம் தாண்டிய இருமலிருந்தால் சளியில் காசநோயையும் பரிசோதிக்க வேண்டும்.