மூன்று தோற்றங்களும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றனவா? டிராயிங் சரிபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டறைக்குப் புதிதாக வரும் டிப்ளமோ இளைஞர்களிடம் ஒரு டிராயிங் தாளைக் கொடுத்து, "மூன்று தோற்றங்களும் ஒத்துப்போகின்றனவா, பார்" என்று சொல்வது என் வழக்கம். ஐந்து நிமிடத்தில் "எல்லாம் சரி" என்று திருப்பித் தருகிறார்கள். எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டால், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த அதே வழிதான். விடுபட்ட அளவு, தவறிய எழுத்து போன்றவை எவர் கண்ணிலும் படும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

முன் தோற்றத்தோடு மட்டும் ஒப்பிடுவது

மேல் தோற்றத்தை முன் தோற்றத்தோடு ஒப்பிடுவார்கள், நீளம் ஒத்துப்போகும். பக்கத் தோற்றத்தையும் முன் தோற்றத்தோடு ஒப்பிடுவார்கள், உயரம் ஒத்துப்போகும். இரண்டும் நேர்கோட்டில் இருப்பதால் செட்ஸ்கொயரை நகர்த்தினாலே தெரிந்துவிடும். மேல் தோற்றத்தையும் பக்கத் தோற்றத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடுபவர் அரிது. அந்த இரண்டுக்கும் பொதுவானது அகலம், அதாவது முன்முகத்திலிருந்து பின்முகம் வரையுள்ள அளவு. அது ஒரு தோற்றத்தில் மேலும் கீழுமாகக் கிடக்கிறது, இன்னொன்றில் இடமும் வலமுமாகக் கிடக்கிறது. எனவே கண் தானாக அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. 45 பாகைச் சாய்கோடு போட்டு ஒவ்வொரு கோட்டையும் திருப்பிக் கொண்டுபோய்ப் பாருங்கள், அல்லது காம்பஸில் எடுத்து மாற்றிப் பாருங்கள். அளவு மட்டும் போதாது, அது எந்த முகத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் பொருந்த வேண்டும். இதுவே அடுத்த தவறுக்கு வாசல்.

அளவுகள் பொருந்திவிட்டால் போதும் என்று நினைப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஓர் அமெரிக்க வாடிக்கையாளருக்கான வேலை. 80 நீளம், 50 அகலம், 40 உயரமுள்ள கட்டை, எல்லாம் மில்லிமீட்டரில். வலது கோடியில் 30 நீளத்துக்கு 15 ஆழம் வெட்டி ஒரு படி. படியின் உயரம் 25. அந்தப் படியின் மேல், முன்முகத்திலிருந்து 18 தள்ளி, 12 விட்டமுள்ள ஒரு துளை செங்குத்தாகக் கீழே போகிறது. எங்களுக்கு வந்தது நகலின் நகல். ஓரம் வெட்டுப்பட்டு, தலைப்புக் கட்டத்தில் இருந்த, தோற்றங்களை எந்த முறையில் வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் கூம்புக் குறியீடு போய்விட்டிருந்தது. முன் தோற்றம் நடுவில், ஒரு தோற்றம் அதற்கு மேலே, ஒன்று வலப்பக்கத்தில்.

நம் கல்லூரிகளில் முதல் கோண முறையைத்தான் கற்பிக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்.பி. 46 என்ற வெளியீடு சொல்வதும் அதுவே. அந்த முறையில் மேலிருந்து பார்த்தது கீழே வரும், இடமிருந்து பார்த்தது வலப்பக்கம் வரும். அமெரிக்காவில் மூன்றாம் கோண முறை. மேலிருந்து பார்த்தது மேலேயே, வலமிருந்து பார்த்தது வலப்பக்கமே. நான் பழக்கப்பட்ட கண்ணோடு படித்தேன். மேலே இருப்பதை அடித்தோற்றம் என்றும், வலப்பக்கம் இருப்பதை இடமிருந்து பார்த்தது என்றும் எடுத்துக்கொண்டேன். மூன்றையும் ஒப்பிட்டேன். நீளம், உயரம், அகலம், துளையின் தூரம் எல்லாம் பொருந்தின. 40 கட்டைகளை வெட்ட மில்லிங் பிரிவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் மில்லிங் ஓட்டும் தம்பி தாளோடு வந்தான். "அண்ணா, நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் படி நமக்கு மறுபக்கம் இருக்கிறது. இந்தக் கோடு விட்டுவிட்டுத்தானே வர வேண்டும்? முழுக்கோடாகப் போட்டிருக்கிறார்களே?" என்றான். வரைந்தவர் கவனக்குறைவாகப் போட்டிருப்பார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் கேட்ட கோட்டின் வகைதான் அந்தத் தாளில் இருந்த ஒரே சாட்சி.

ஏன் என்று சொல்கிறேன். மூன்றாம் கோண முறையில், முன் தோற்றத்தை ஒட்டியிருக்கும் ஓரம்தான் முன்முகம். முதல் கோண முறையில், ஒட்டியிருக்கும் ஓரம் பின்முகம். முறையை மாற்றிப் படித்தால் மேல் தோற்றத்திலும் பக்கத் தோற்றத்திலும் முன்முகமும் பின்முகமும் ஒருசேர இடம் மாறுகின்றன. இரண்டும் சேர்ந்தே மாறுவதால் அவற்றுக்குள் சண்டை வராது. துளை "முன்முகத்திலிருந்து 18" என்பது இரண்டிலும் "பின்முகத்திலிருந்து 18" ஆகிவிடும். ஒன்றை மட்டும் மாற்றிப் படித்திருந்தால் 45 பாகைக் கோடு காட்டிக்கொடுத்திருக்கும். முழுத் தாளையும் மாற்றிப் படித்தால் அது காட்டாது. கிடைப்பது கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்ற கட்டை. எப்படித் திருப்பி வைத்தாலும் அது அசல் கட்டையாகாது.

காட்டிக்கொடுப்பது கோட்டின் வகை மட்டுமே. எங்கள் தாளின் பக்கத் தோற்றத்தில், கீழிருந்து 25 உயரத்தில் ஒரு கிடைக்கோடு முழுக்கோடாக இருந்தது. அது படியின் விளிம்பு. படி வலது கோடியில் இருக்கிறது. வலமிருந்து பார்த்தால்தான் அந்த விளிம்பு கண்ணுக்குத் தெரியும். இடமிருந்து பார்த்தால் 40 உயரமுள்ள பகுதி மறைத்துவிடும், அது விட்டுவிட்டுப் போடும் மறைகோடாக வர வேண்டும். ஆகவே அந்தத் தோற்றம் வலமிருந்து பார்த்தது, வலப்பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், ஆகவே மூன்றாம் கோண முறை. மேலே இருந்த தோற்றத்திலும் படியின் விளிம்பு முழுக்கோடுதான். அடியிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. இரண்டு இடத்தில் சொல்லியிருந்தார்கள்.

40 கட்டைகளும் ஆய்வில் தேறின, ஏனென்றால் ஆய்வு செய்தவரிடமும் நான் படித்த முறையையே சொல்லியிருந்தேன். வாடிக்கையாளர் இடத்தில் பொருத்தும்போதுதான் துளை மறுபக்கம் நின்றது. அத்தனையும் பழைய இரும்புக்குப் போயின.

இப்போது நான் செய்வது இது. குறியீடு இருந்தால் முதலில் அதைப் பார்க்கிறேன். கூம்பின் சிறிய முனையை ஒட்டி வட்டங்கள் இருந்தால் மூன்றாம் கோணம், பெரிய முனையை ஒட்டி இருந்தால் முதல் கோணம். குறியீடு இருந்தாலும் அதை நம்பி நிற்பதில்லை. வேறொரு தாளிலிருந்து நகலெடுத்த தலைப்புக் கட்டம் தவறான குறியீட்டோடு வந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒருபக்கம் மட்டும் இருக்கும் ஒரு படியையோ பள்ளத்தையோ தேர்ந்து, பக்கத் தோற்றத்தில் அது முழுக்கோடா மறைகோடா என்று பார்க்கிறேன். குறியீடும் கோடும் வேறு வேறு சொன்னால் வேலையை நிறுத்திவிட்டு அனுப்பியவரைக் கேட்கிறேன்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. செங்குத்தாக ஊடுருவும் துளை இடமிருந்து பார்த்தாலும் வலமிருந்து பார்த்தாலும் மறைகோடுதான், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. கட்டையின் நடுவில், இரண்டு பக்கமும் மறைந்து கிடக்கும் பள்ளமும் அப்படித்தான். ஒரு பக்கம் திறந்திருக்கும் உறுப்பாக இருக்க வேண்டும்.

தாளின் மீது ஸ்கேல் வைத்து அளப்பது

வேண்டாம். நகலெடுக்கும்போது படத்தின் அளவு மாறிவிடலாம். எழுதியிருக்கும் எண்தான் அளவு.

துணையில்லாத கோட்டை விட்டுவிடுவது

மேல் தோற்றத்தில் ஒரு கோடு இருந்தால், முன் தோற்றத்தில் அதற்கு நேராக ஒரு மூலையோ, ஒரு செங்குத்து முகமோ, வளைவின் எல்லையோ இருக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் இரண்டில் ஒன்று தவறு. சமமுகம் வளைவோடு இழைந்து சேரும் இடத்தில் கோடு வராது, அதைக் குறையென்று எழுதாதீர்கள்.

திருத்தம் வந்த தாள்

ஓர் எண்ணை ஒரு தோற்றத்தில் மட்டும் மாற்றியிருப்பார்கள். திருத்தக் கட்டத்தில் பதிந்திருக்கும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மூன்று தோற்றங்களையும் மறுபடி ஒப்பிடுங்கள்.