டிரெயினி ஃபர்ம்வேர் வேலைக்கு கவர் லெட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரெயினி எடுக்கும் சமயத்தில் டிப்ளமோ முடித்தவர்களின் கவர் லெட்டர்கள் என் மேசைக்குத்தான் வரும். நான் அந்த வயதில் எழுதியதையே இன்றும் எழுதுகிறார்கள். எழுத்துப்பிழை, கம்பெனி பெயரை மாற்றாதது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

புராஜெக்ட் தலைப்பை மட்டும் எழுதுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். "எஸ்எம்எஸ் மூலம் இயங்கும் பம்ப் மோட்டார் கன்ட்ரோலர் செய்தோம். ஆர்டுயினோ, ஜிஎஸ்எம் மாட்யூல், ரிலே பயன்படுத்தினோம்." இது கடைக்காரர் பில்லிலேயே இருக்கும். "செய்தோம்" என்றால் பேட்சில் யார் எதைச் செய்தது? கோட் எழுதியது நீங்களா, ரிப்போர்ட் டைப் அடித்தது நீங்களா?

இப்படி எழுதிய ஒரு பையனை நேரில் கூப்பிட்டோம். "எங்கேயாவது மாட்டிக்கிட்டீங்களா?" என்றேன். மடமடவென்று கொட்டினான். பதில் எஸ்எம்எஸ் அனுப்பப் போகும்போதெல்லாம் அவனுடைய சிம்800எல் மாட்யூல் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. மூன்று நொடிக்கு ஒருமுறை மின்ன வேண்டிய எல்இடி, மறுபடி நெட்வொர்க் தேடுவதுபோல் நொடிக்கு ஒருமுறை மின்னியிருக்கிறது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தானாம். அந்த மாட்யூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை வேண்டும், சிக்னல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து அது கிடைக்காது. தனி பவர் சப்ளையை 4 வோல்ட்டுக்கு வைத்து, மாட்யூலை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டிருக்கிறான்.

அதைவிட முக்கியம் அடுத்தது. மாட்யூல் செத்தால் கோட் `OK` வரும்வரை லூப்பிலேயே நின்றுவிடும், மோட்டாரை நிறுத்த முடியாது. அதனால் `millis()` வைத்து 5 நொடி டைம்-அவுட் சேர்த்து, பதில் வராவிட்டால் ரிலேயை ஆஃப் செய்யும்படி மாற்றினானாம். ஃபர்ம்வேர்காரனுக்கு இருக்க வேண்டிய புத்தி இதுதானே! லெட்டரில் இதில் ஒரு வரிகூட இல்லை. அன்று ஆள் குறைவாக வந்ததால்தான் அவனைக் கூப்பிட்டோம்.

ஆங்கிலத்தில் நாலு எளிய வரி போதும்: என்ன கோளாறு, எதை வைத்துக் கண்டுபிடித்தேன், எதை மாற்றினேன், மாற்றியபின் எப்படிச் சோதித்தேன். "நான்" என்றே எழுதுங்கள். கோளாறைச் சொன்னால் மதிப்பு குறையும் என்று பயப்படாதீர்கள், நாங்கள் தினமும் பார்ப்பதே அதைத்தான். ஆனால் நண்பன் தீர்த்ததை உங்கள் பெயரில் எழுதாதீர்கள். "கெப்பாசிட்டரை ஏன் மாட்யூல் பக்கத்திலேயே வைத்தீர்கள்?" என்ற அடுத்த கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

தெரிந்த பெயரெல்லாம் அடுக்குவது

ஆர்டிஓஎஸ் என்று எழுதினால் டாஸ்க், செமஃபோர் பற்றிக் கேட்போம். பாடத்தில் படித்தது மட்டும்தான் என்றால் அப்படியே சொல்லுங்கள்.

ஆர்டுயினோவை மறைப்பது

வேண்டாம்.

அரியரை மறைப்பது

மார்க் ஷீட் எப்படியும் கேட்போம்.

கோட் லிங்க்

திறந்தால் `.hex` ஃபைல் மட்டும் இருக்கிறது. அதை நான் எப்படிப் படிப்பது? `.c` அல்லது `.ino` ஃபைலைப் போடுங்கள்.